தாளம் காட்டும் திருப்புகழ்

திருச்செங்கோட்டு மலைப்படியில் பாட்டி பாடிய ஒரு திருப்புகழ். சொற்கள் மறந்துவிட்டன, ஓட்டம் மட்டும் காதில் நிற்கிறது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் அதை எப்படித் தேடுவது?

பல பதிப்புகளில் ஒவ்வொரு பாடலின் தலையிலும் 'தனதன தான' என்பதுபோலச் சந்தக் குழிப்பு அச்சாகியிருக்கும். நம் நினைவில் இருப்பதும் அதுதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு என்று விரலில் எண்ணுங்கள். தனதன நான்கு, தான மூன்று, ஆக ஏழு. ஏழு ஏழாகத் திரும்பி வந்தால் அது மிச்ர நடை. ஐந்திலும் எட்டிலும் நடக்கும் பாடல்களை ஒதுக்கிவிடலாம். அடுத்து, நான்கு முன்னே வருகிறதா, மூன்றா என்று பாருங்கள். 'தான தனதன' என்றாலும் ஏழுதான், ஆனால் அது வேறு பாட்டு.

பலர் தடுமாறும் இடம் தொங்கல். அடியின் கடைசியில் 'தனதான' என்று ஐந்து மாத்திரையில் தனியாக நிற்கும். அதையும் சுற்றோடு சேர்த்து எண்ணினால் கணக்கு உடையும். பிரித்து வைத்தால் அதுவே இன்னொரு அடையாளம்.

பாடியவர் இழுத்த இழுப்பை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள். மெட்டும் தாளமும் பாடகருக்குப் பாடகர் மாறும். ஒரே சந்தத்தில் பல பாடல்களும் உண்டு. அதனால் திருச்செங்கோட்டுப் பாடல்களின் தலைப்புச் சந்தங்களை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.