இரண்டு மானிகளும் ஒரு சிறு கணக்கும்



பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னை நோக்கிப் போகிறவர்களுக்கு மீஞ்சூர் தாண்டியதும் கிழக்குப் பக்கம் உயரமான புகைபோக்கிகள் தெரியும். அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையம் அது. இன்று பேசப்போவது அங்கே ஓடும் தண்ணீரைப் பற்றி. கொதிகலனில் ஆவியாகி, டர்பைனைச் சுழற்றி, கண்டன்சரில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும் இந்த ஓட்டத்தில் எந்த இடத்தில் எத்தனை மானிகளைப் பார்த்தால் போதும் என்பதைச் சொல்ல ஒரு சிறு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லர்ட் கிப்ஸ் 1870களில் எழுதிய நீண்ட கட்டுரையில் வந்த கணக்கு அது. கல்லூரியில் பேஸ் ரூல் என்பார்கள். நாம் நிலைமை விதி என்போம்.

கணக்கு இதுதான். பாத்திரத்துக்குள் எத்தனை வகைப் பொருள் இருக்கிறது என்று எண்ணுங்கள். அதோடு இரண்டைக் கூட்டுங்கள். திடம், திரவம், ஆவி என்று எத்தனை நிலைமைகள் சேர்ந்து இருக்கின்றனவோ அந்த எண்ணைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் சுதந்திரம். அதாவது, நாம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுகள் எத்தனை என்ற எண். கூட்டுகிற அந்த இரண்டு, வெப்பநிலையும் அழுத்தமும்.

கொதிகலனின் மேலே டிரம் என்ற பெரிய உருளை இருக்கும். அதற்குள் பாதி தண்ணீர், பாதி ஆவி. பொருள் ஒன்றுதான், நிலைமைகள் இரண்டு. ஒன்றோடு இரண்டு மூன்று. இரண்டைக் கழித்தால் ஒன்று. அழுத்தத்தை 150 பார் என்று வைத்துவிட்டால் வெப்பநிலை 342 டிகிரியில் தானே போய் நிற்கும். அடுப்பை இன்னும் கடுமையாக எரித்தாலும் அந்த அழுத்தத்தில் அது ஏறாது. கூடுதல் ஆவிதான் கிளம்பும். காரணம் எளிது. தண்ணீரிலிருந்து மூலக்கூறு வெளியேறத் துடிக்கும் வேகமும், ஆவியிலிருந்து தண்ணீருக்குத் திரும்பும் வேகமும் சமமாக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து நிலைக்கும். அந்த ஒரு நிபந்தனை ஒரு சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறது.

டிரம்மை விட்டு வெளியே வரும் ஆவியை மேலும் சூடாக்குகிறார்கள். அங்கே தண்ணீர் இல்லை, ஆவி மட்டுமே. நிலைமை ஒன்று, ஆகவே சுதந்திரம் இரண்டு. அழுத்தத்தைப் பார்த்து வெப்பநிலையைச் சொல்லிவிட முடியாது. இரண்டு மானிகளையும் பார்த்தே ஆக வேண்டும். 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் பிரிவில் டிரம்மே கிடையாது. 221 பார், 374 டிகிரி என்ற எல்லைக்கு மேலே தண்ணீர், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடுகிறது. அங்கே பிரித்தெடுக்க எதுவும் இல்லை, எப்போதும் இரண்டு சுதந்திரம்தான்.

பனிக்கட்டியும் தண்ணீரும் ஆவியும் ஒரே குடுவையில் சேர்ந்திருந்தால் சுதந்திரம் பூஜ்யம். வெப்பநிலை 0.01 டிகிரி, நாம் நினைத்தாலும் மாற்ற முடியாது. அதை நம்பித்தான் 2019 வரை உலகம் கெல்வின் அளவையே வரையறுத்து வைத்திருந்தது.

இனி கண்டன்சருக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு உண்மையாக உழைக்கிற இடம் அதுதான். டர்பைனை விட்டு வரும் ஆவி, கடல்நீர் ஓடும் ஆயிரக்கணக்கான குழாய்களின் மேல் பட்டுத் தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் சுமார் 0.1 பார், வெளிக்காற்றில் பத்தில் ஒரு பங்கு. இதைத்தான் அங்கே வேக்குவம் என்பார்கள். இந்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் அதே நிலக்கரிக்கு மின்சாரம் குறையும். தண்ணீரும் ஆவியும் மட்டும் இருந்தால் சுதந்திரம் ஒன்று, 0.1 பாருக்கு 46 டிகிரிதான் வர வேண்டும்.

உள்ளே அழுத்தம் குறைவு என்பதால், பிளாஞ்சு இடுக்கு, வால்வின் பேக்கிங் என்று எந்தச் சிறு வழி கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். காற்று அந்தக் குளிரில் திரவமாகாது. அது நுழைந்த உடனே பொருள்களின் எண்ணிக்கை இரண்டு. இரண்டோடு இரண்டு நான்கு. நிலைமைகள் இரண்டைக் கழித்தால் சுதந்திரம் இரண்டு. அழுத்தமும் வெப்பநிலையும் இனி ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை அல்ல. இதில் ஒரு வசதியும் கிடைக்கிறது. இரண்டையும் அளந்துவிட்டால் காற்றின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடலாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாயருகே அழுத்தம் 0.1 பார், வெப்பமானியில் 36 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீராவி அட்டவணையில் 36 டிகிரிக்கு உரிய அழுத்தம் 0.06 பார். மீதி 0.04 யாருடையது? காற்றுடையது. அங்கே பத்து மூலக்கூறுகளில் நான்கு காற்று. அந்த இடத்தில் காற்று கொஞ்சம் சேர்ந்திருப்பது இயல்பு. அங்கே வெப்பமானி அட்டவணையைவிடச் சில டிகிரி குறைவாகவே எப்போதும் காட்டும். அந்த இடைவெளி நாளுக்கு நாள் வளர்ந்தால்தான் எங்கோ கசிகிறது என்று பொருள். கடல்நீர் சூடாகிப்போனதாலோ, குழாய்க்குள் அழுக்குப் படிந்ததாலோ அழுத்தம் ஏறியிருந்தால், வெப்பநிலையும் அட்டவணைப்படி கூடவே ஏறியிருக்கும். குழாயைச் சுத்தம் செய்வதா, கசிவைத் தேடுவதா என்று இப்படித்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

வீட்டில் குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகே வெயிட் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். காற்று உள்ளே தங்கினால் வெயிட் தாங்கும் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். பருப்புக்குச் சேர வேண்டிய சூடு குறையும்.

இந்தக் கணக்கு சமநிலைக்கு மட்டுமே பொருந்தும். கண்டன்சரின் அடியில் நீர் சேரும் ஹாட்வெல்லில் மட்டம் ஏறி, கீழ்வரிசைக் குழாய்களை மூழ்கடித்தால், அங்குள்ள தண்ணீர் ஆவியின் தொடர்பை இழந்து தனியாகக் குளிரும். ஹாட்வெல்லின் வெப்பமானி குறைவாகக் காட்டும், காற்று காரணமில்லை. அதனால் முதலில் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

குழாய் ஒன்று ஓட்டையாகிக் கடல்நீரே உள்ளே கசிந்தால்? உப்பும் இரண்டாவது பொருள்தான். விதிப்படி இங்கும் சுதந்திரம் இரண்டு. ஆனால் சுதந்திரம் எத்தனை என்று மட்டுமே விதி சொல்லும், மாற்றம் எவ்வளவு பெரியது என்று சொல்லாது. கொதிகலனுக்குக் கேடு செய்யப் போதுமான உப்பு, கொதிநிலையை எந்த வெப்பமானியும் காட்டாத அளவுக்கே நகர்த்தும். ஆகவே ஹாட்வெல்லிலிருந்து வெளியேறும் தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். கடல்நீர் கசிந்ததை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த மானிதான்.