பச்சை முட்டையும் தேகபலமும்



கபடிப் பந்தயத்திற்கோ போலீஸ் தேர்வு ஓட்டத்திற்கோ தயாராகும் நம் கிராமத்து வாலிபர் பலர், விடியற்காலையில் இரண்டு பச்சை முட்டைகளை விழுங்கி, ஊறவைத்த பாதாம் பருப்புப் பத்தைத் தின்று, ஒரு தம்ளர் பாலும் குடித்துவிட்டு மைதானத்திற்குச் செல்கின்றனர். இதனால் களைப்பின்றி நெடுநேரம் ஓடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. இதில் மெய் எது, பொய் எது என்று ஆராய்வோம்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. 1998-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் நடந்த ஒரு சோதனையில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஜீரணமாயிற்று. பச்சை முட்டையிலோ ஏறக்குறையப் பாதியே ஜீரணமாயிற்று. ஆகவே இரண்டு முட்டைகளைப் பச்சையாக விழுங்குபவருக்கு 6 கிராமும், வேகவைத்து உண்பவருக்கு 11 கிராமும் கிட்டுகின்றன. அன்றியும், பச்சை முட்டையில் சில சமயம் சால்மொனெல்லா என்னும் கிருமி இருந்து, காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் அக்கிருமி மடிந்துவிடும்.

பாதாமை ஊறவைத்தால் தோல் எளிதில் உரியும், மெல்லுவதும் எளிது. ஆனால் அதன் புரதம் பெருகுவதில்லை. பத்துப் பருப்பில் இருப்பது சுமார் இரண்டரை கிராம் புரதமே. நம் வயலில் விளையும் நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 7 கிராமுக்குமேல் தரும். பால் நல்ல உணவே. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு. ஆயினும் இரும்புச் சத்து மிகக் குறைவு.

இம்மூன்றிலும் பெரும் குறை ஒன்றுண்டு. நெடுநேர ஓட்டத்திற்கு வேண்டிய மாவுச்சத்து இவற்றில் போதிய அளவில்லை. உண்ட மாவுச்சத்து தசைகளில் சேமிக்கப்பட்டு, ஓடும்போது செலவாகிறது. அச்சேமிப்புத் தீர்ந்தால் கால்கள் சோர்ந்துவிடும். 1967-இல் சுவீடன் நாட்டு அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவைச் சில நாள் உண்டவர்கள் நிலைச் சைக்கிளைச் சராசரியாக ஒரு மணிநேரமே மிதிக்க முடிந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபின் அவர்களே ஏறக்குறைய இரண்டே முக்கால் மணிநேரம் மிதித்தனர்.

ஆதலால் பந்தயத்திற்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்னதாக இட்லியோ கேழ்வரகுக் களியோ உண்பது தகும். முட்டையை வேகவைத்து மற்ற வேளை உணவுடன் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வாறு உண்டும் சிறு வேலைக்கே மூச்சு வாங்கி, கண்ணின் கீழிமை உட்புறம் வெளிறியிருந்தால், அது இரத்தசோகையாக இருக்கலாம். அதற்குப் பாதாம் மருந்தன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.