ஒரு பக்கத்தில் அடங்கிய என் கேக் கணக்கு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் தூத்துக்குடியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். கேக் செய்வது எப்படி என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. என் மூத்த மகள் கல்லூரிப் பாடத்துக்காக எழுதிய ஒரு பக்கக் காகிதத்தைப் பற்றிச் சொல்லத்தான் தலைவி அக்கா கூப்பிட்டார்கள். அந்த ஒரு பக்கம் எழுதி முடிக்க எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆனது. அது எழுதியிருக்காவிட்டால் நான் இன்றைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கடனில் இருந்திருப்பேன்.

மகள் படிக்கிற பட்டப்படிப்பில் தொழில்முனைவு என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு சிறு தொழிலுக்குத் திட்ட அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில் திட்டச் சுருக்கம் வர வேண்டும். எக்ஸிகியூட்டிவ் சம்மரி என்று அவர்கள் சொல்கிறார்கள். கடன் கொடுக்கிறவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே என்ன தொழில், யார் வாங்குவார்கள், எவ்வளவு பணம் வேண்டும், எப்படித் திரும்பும் என்று தெரிந்துவிட வேண்டும். மகள் வேறு எதையும் தேடாமல் "அம்மா, உன் கேக்கையே எழுதுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

முதலில் ஒரே ராத்திரியில் எழுதிவிட்டாள். ருசியான, தரமான, வீட்டு முறைக் கேக், மாதம் 500 கேக் விற்பனை, பெரிய அவனும் மிக்சரும் வாங்க ஒன்றரை லட்சம் கடன் தேவை என்று இருந்தது. படிக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளுடைய மேடம் அதில் மூன்று கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார். 500 கேக் எந்த அவனில் வேகும்? ஒரு கேக்கில் உங்கள் அம்மாவுக்கு என்ன மிஞ்சுகிறது? தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கும் ஊரில் ஏன் இவரிடம் வாங்க வேண்டும்? கீழே, "முதல் பக்கத்தைக் கடைசியில் எழுது" என்றும் எழுதியிருந்தார். சுருக்கம் முன்னால் நின்றாலும், பின்னால் உள்ள கணக்கு முடிந்த பிறகுதான் அதை எழுத முடியும். கணக்கு இல்லாமல் எழுதினால் ஆசைதான் வரும்.

முதல் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைத்தது. என்னிடம் இருப்பது 40 லிட்டர் ஓ.டி.ஜி. அடுப்பு. ஒரு தடவைக்கு இரண்டு டின்தான் கொள்ளும். சூடேற்றி, வேகவைத்து, டின்னை மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சாயங்காலத்துக்குள் நாலு ஈடுதான் போட முடியும். நாளைக்கு 8 கேக், வாரம் அஞ்சு நாள், மாதத்துக்கு 160. அதுதான் உச்சம். ஆனால் என் ஆர்டர் நோட்டைப் பார்த்தால், மூணு மாசச் சராசரி 90தான். இருக்கிற அவனே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடுகிறது. அப்புறம் எதற்குப் பெரிய அவன்? அந்த இடத்திலேயே ஒன்றரை லட்சம் அடிபட்டுப் போனது.

இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு அழுகை வந்தது. நான் செய்வது வெண்ணெய்க் கேக். ஒரு ஈட்டுக்கு மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றும் கால் கிலோ, முட்டை அஞ்சு. அன்றைய விலையில் வெண்ணெய் மட்டுமே 140 ரூபாய். மற்றதெல்லாம் சேர்த்து 200. இரண்டு கேக் வரும். அரைக்கிலோ என்று சொல்லி ஒன்று 180க்கு விற்றேன். 360 வருது, 200 போச்சு, 160 லாபம். நாலு வருஷமா என் மனக்கணக்கு இதுதான்.

மகள் நோட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இரண்டு பெட்டியும் லேபிளும் 20 ரூபாய். கரண்ட் 10. உட்கார்ந்து போனது, விற்காமல் நின்றது என்று பத்தில் ஒன்று வீணாகிறது, அதற்கு ஈட்டுக்கு 20. கடைசியாக, "உன் கூலி எங்கே?" என்றாள். "எனக்கு எதுக்குடி கூலி?" என்றேன். "நீ முடியாம படுத்தா ஒரு ஆளை வச்சுத்தான செய்யணும், அந்த ஆள் சும்மா வருமா?" என்றாள். கலக்க, பூச, பொதிய, கழுவ என்று ஒரு ஈட்டுக்கு என் கை ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அதற்கு 60 ரூபாய் வைத்தோம். மொத்தம் 310 ஆனது. மிச்சம் 50.

சரி, அதாவது மிஞ்சுதே என்று நினைத்தால், மகள் கேக்கை எதிர்த்த காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்தாள். 450 கிராம் காட்டியது. ஒரு கிலோ மாவுக் கலவை வேகும்போது நீர் வற்றிக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நான் கலவையின் எடையைத்தான் அரைக்கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையாகவே அரைக்கிலோ கொடுக்க வேண்டுமானால் சாமான் இன்னும் 22 ரூபாய்க்குப் போட வேண்டும். அப்போது மிச்சம் 28. இதில் ஒரு பங்கை நான் கடையில் வைத்து விற்றேன். கடைக்காரருக்கு 15 சதவீதம், இரண்டு கேக்குக்கு 54 ரூபாய். 28 இல் 54 போனால் என்ன ஆகும்? கடையில் ஒவ்வொரு ஈடு விற்கும்போதும் என் கூலியில் 26 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கிறது. கடைக்காரர் "இன்னும் கொண்டா" என்று சொன்னபோதெல்லாம் நான் சந்தோஷப்பட்டேன்.

இதை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறேன். சாமானைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தோம். வெந்த பிறகு ஒவ்வொன்றும் 400 கிராமுக்குக் குறையாது. லேபிளிலும் 400 கிராம் என்றே போட்டோம். விலை 200 ரூபாய். இப்போது கூலி உட்பட ஈட்டுக்கு 290 ஆகிறது. வீட்டிலிருந்து விற்றால் ஒரு கேக்குக்கு 55 மிச்சம். கடையில் கொடுத்தால் 25. வாடிக்கையாளர்களிடம் ஏன் மாற்றினேன் என்று மறைக்காமல் சொன்னேன். வழக்கமாக வாங்கும் 14 வீட்டில் மூன்று வீடு நின்றுவிட்டது. மற்றவர்கள் வாங்குகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு, பேக்கரியோடு விலையில் நான் போட்டி போட முடியாது என்பதை ஒப்புக்கொண்டோம். வனஸ்பதியில் செய்த கேக்கை அவர்கள் என் விலைக்குக் கீழே கொடுக்க முடியும். என்னிடம் வருகிறவர் வெண்ணெய்க்காகவும், சொன்ன நாளில் புதிதாகக் கிடைப்பதற்காகவும் வருகிறார். அதனால் யார் வாங்குவார்கள் என்ற இடத்தில் "ஊர் மக்கள் அனைவரும்" என்பதை அடித்துவிட்டு, இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகள், இரண்டு பள்ளி ஆசிரியர் அறை, ஒரு கடை என்று எழுதினோம்.

கடைசியில் மகள் எழுதிக் கொடுத்த சுருக்கத்தை அப்படியே வாசிக்கிறேன்.

"இது தூத்துக்குடியில் ஒரு பெண் தன் வீட்டில் நடத்தும் கேக் தொழில். ஒரே பொருள்: 400 கிராம் வெண்ணெய்க் கேக், விலை 200 ரூபாய். இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளும், இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களும், ஒரு கடையும் வாங்குகின்றனர். இருக்கும் அடுப்பில் மாதம் 160 கேக் செய்யலாம். இப்போது 90 விற்கிறது. ஆறு மாதத்தில் 110 இலக்கு, அதில் 70 நேரடி, 40 கடை. அப்போது உரிமையாளரின் கூலி 3,300 ரூபாய் போக, பெட்ரோல், போன் செலவும் கழித்து மாதம் சுமார் 4,000 மிஞ்சும். தேவை 24,000 ரூபாய்: பீட்டர், தராசு 6,000, பழைய ஃபிரிட்ஜ் 10,000, மூன்று வாரச் சாமான் 8,000. குழுக் கடனாகப் பெற்று 12 தவணையில் திருப்பப்படும். மாதம் 57 கேக் நேரடியாக விற்றாலே கூலியும் செலவும் தவணையும் வந்துவிடும். முக்கிய ஆபத்துகள் வெண்ணெய் விலை, மின்தடை. வெண்ணெய் கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் கேக்குக்குச் சுமார் 11 ரூபாய் குறையும். அப்போது கடைக்குக் கொடுப்பது நிறுத்தப்படும்."

இவ்வளவுதான். இதில் ருசி, தரம் என்ற சொல்லே இல்லை, கவனிச்சீங்களா? மேடம் இதற்கு நல்ல மதிப்பெண் போட்டார். நான் இதையே எங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். கடன் பற்றிக் கேட்க யாருக்கும் கேள்வி மிச்சமில்லை.

காகிதத்தில் எழுதியது எல்லாம் அப்படியே நடக்கவில்லை. மின்தடை என்று எழுதினோமே தவிர, அதன் அருமை பிறகுதான் தெரிந்தது. கேக் பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போனால் நடுவில் குழி விழும். திரும்ப வேகவைத்தாலும் எழும்பாது. வீட்டு இன்வெர்ட்டர் இந்த அடுப்பை இழுக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முன்கூட்டியே பார்த்து, அன்றைக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். பூஞ்சையும் வந்தது. அவசரத்தில் சூடு ஆறாமல் பெட்டியில் போட்டால் உள்ளே வேர்த்து, மூணாம் நாளே அடிப்பக்கம் பூத்துவிடும். கேக்கின் அடியைத் தொட்டால் கை குளிர்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் பெட்டி.

உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்தேன். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்ததால் எனக்குச் சாதாரணப் பதிவே போதுமானதாக இருந்தது. நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். முட்டை சேர்த்த கேக் என்பதால் பச்சைக் குறி போடக் கூடாது, பழுப்புக் குறிதான். நான் முதலில் பச்சை அச்சடித்து 200 லேபிளைக் கிழித்தேன். அந்தக் கணக்கை அந்த ஒரு பக்கத்தில் யாரும் எழுதவில்லை!

இன்றைக்கு மாதம் 104 கேக் போகிறது, இலக்கில் ஆறு குறைவு. தவணையில் எட்டு முடிந்திருக்கிறது. பக்கத்துத் தெரு அக்கா முறுக்குக்கு இதே மாதிரி எழுதணும் என்று போன வாரம் வந்தார்கள். "முதல்ல ஒரு ஈடு சுட்டு, ஆறினப்புறம் தராசில வைங்க அக்கா. எழுதுறதைப் பிறகு பார்ப்போம்" என்றேன்.