கவராயம் ஒன்றும் ஆறு கேள்விகளும்

(சங்க அங்கத்தவர்கள் திரியாயில் ஒன்றுகூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத்துறையில் ஒரு சம்பவம் எங்களை உலுக்கினால், அதை எழுதி வைத்து ஆராய்வது வழக்கம். இதற்குத் தாதியரும் வைத்தியரும் அதிகம் பயன்படுத்துவது கிரஹாம் கிப்ஸ் 1988இல் வெளியிட்ட சுழற்சி. அதில் ஆறு படிகள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது பிழை, ஏன் அப்படி நடந்தது, வேறென்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன். கிப்ஸ் கல்வித்துறையைச் சேர்ந்தவர். ஆகவே இது வகுப்பறைக்கும் உரியதுதான். ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருவர் தன் குறிப்புக்கொப்பியை எனக்குக் காட்டினார். அவருடைய அனுமதியுடன், பிள்ளைகளை அடையாளம் காட்டாமல், அதிலுள்ள ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

தரம் 9, கணித பாடம். ஒரே மேசையில் இரண்டு மாணவிகள். ஒருத்தி திரியாய்ப் பிள்ளை. படிப்புக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருப்பவள். மற்றவள் அந்த ஊர்க்காரி. ஒரு கவராயத்துக்காக இருவரும் இழுபட்டார்கள். ஊர்க்காரியின் கையில் கீறல். "இரவல் வாங்கத்தான் பள்ளிக்கூடம் வாறியா?" என்று அவள் கேட்டாள். திரியாய்ப் பிள்ளை மேசையைத் தள்ளினாள். ஆசிரியை இருவரையும் பாடம் முடியும்வரை பின்னால் நிற்க வைத்தார். அடுத்த இரண்டு நாளும் திரியாய்ப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை.

தோழி முதலில் எழுதிய வரி: "அவள் முரட்டுத்தனமாகக் கவராயத்தைப் பறித்தாள்." அதில் 'முரட்டுத்தனமாக' என்பது தீர்ப்பு, 'பறித்தாள்' என்பது ஊகம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதியபோது உண்மை வெளிவந்தது. அவர் அப்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மேசை சரிந்த சத்தத்துக்குத்தான் திரும்பினார். தொடக்கத்தை அவர் காணவேயில்லை. முதற்படியில் பலர் வழுக்குவது இங்கேதான். தீர்ப்புச் சொல் விபரிப்புக்குள் புகுந்துவிட்டால், மிச்சம் ஐந்து படியும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்லவே போகும்.

இரண்டாம் படியில் "கோபம்" என்று எழுதினார். பிறகு அதன் கீழே, "வெளியே அதிபர் போய்க்கொண்டிருந்தார், வெட்கமாகவும் இருந்தது" என்று சேர்த்தார். தண்டனை அவ்வளவு விரைவாக வந்ததற்கு அது ஒரு காரணம். மூன்றாம் படியில் இருபக்கமும் எழுத வேண்டும். உடனே பிரித்ததும் கீறலைக் கழுவச் செய்ததும் சரி. ஒருவரையும் கேளாமல் இருவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தது பிழை.

நான்காம் படிதான் ஆராய்வு. சித்தி வீட்டுக்குத் தகவல் அனுப்பிப் பிள்ளையை அழைப்பித்து, இருவரையும் தனித்தனியே இருத்திப் பேசினார். "ஏன் செய்தாய்?" என்றால் பிள்ளை தற்காப்புக்குப் போய்விடும். அதனால் "நடந்ததை முதலிலிருந்து சொல்லு" என்றார். திரியாய்ப் பிள்ளையிடம் கவராயமே இல்லை; ஒவ்வொரு கேத்திரகணித பாடத்துக்கும் இரவல்தான். ஊர்க்காரி முன்பு கொடுத்தபோது கவராயம் உடைந்து வந்தது. வீட்டில் ஏச்சு விழுந்தது. அதனால் அன்று தர மறுத்தாள். இருவரிடமும் நியாயம் இருந்தது. சண்டை அந்த நிமிடத்தில் பிறந்ததல்ல. உபகரணம் இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் ஒரு வழியும் இருக்கவில்லை. "அவளுடைய குணம் அப்படி" என்று ஆராய்வு முடிந்தால், அது இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

ஐந்தாம் படியில், தண்டனைக்கு முன் இருவரையும் கேட்டிருக்கலாம், அன்றே வீட்டாருடன் பேசியிருக்கலாம் என்று எழுதினார். ஆறாம் படியில் "இனிக் கவனமாக இருப்பேன்" என்று எழுதுவது வீண். அதைச் சரிபார்க்க வழியில்லை. அவர் எழுதியது: வகுப்பு அலுமாரியில் ஐந்து கவராயம், எடுப்பவர் பெயர் எழுத ஒரு கொப்பி, சண்டை என்றால் பிரித்து, காயம் பார்த்து, ஆறியபின் தனித்தனியே கேட்டு, பிறகே முடிவு, நான்கு வாரம் கழித்து இருவரின் வரவையும் பார்ப்பது.

நான்கு வாரத்தில் திரியாய்ப் பிள்ளை ஒருநாளும் தவறவில்லை. இருவரும் சிநேகிதிகள் ஆகவில்லை. ஆனால் ஒரே குழுவில் வேலை செய்தார்கள். அந்த இரவல் பேச்சு எவ்வளவு ஆழமாகக் குத்தியது என்பதை எந்தக் கொப்பியும் அளக்காது. போரில் இடம்பெயர்ந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களின் பிள்ளைக்கு 'இரவல்' என்பது சும்மா ஒரு சொல்லா?

இன்னுமொன்று. இந்தக் கொப்பி விசாரணைக்கு மாற்று அல்ல. பாரதூரமான காயமோ, தொடர்ச்சியான வதையோ, துஷ்பிரயோகச் சந்தேகமோ இருந்தால், அன்றே அதிபரிடம் போக வேண்டும். கொப்பியில் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். அது எழுதியவரின் நடத்தையைத் திருத்துவதற்கு மட்டுமே.

எங்களில் ஆசிரியைகளாக இருப்பவர்கள் பலர். அடுத்த சண்டை நடந்த அன்று மாலை, முதற்படியை மட்டும் எழுதிப் பாருங்கள். பிறகு அதில் நீங்கள் காணாத எதை எழுதியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு வரியாகத் தேடி அடித்துவிடுங்கள். மிஞ்சுவதிலிருந்து தொடங்கலாம்.