கதர்: ஒரு வேட்டியின் மணிக்கணக்கு



கதரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, "நம் மேடையில் கதரா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பாடப்புத்தகம் கதரைக் கும்பிடச் சொல்கிறது. நாமோ பூனா ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டு கதரையும் காந்தியோடு சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம். இரண்டு பக்கத்திலும் யாரும் அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அதில் எத்தனை முழ நூல் இருக்கிறது, யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து நூற்றார், என்ன கூலி வாங்கினார் என்று கேட்பதில்லை. நான் இன்று அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

நாலு கெஜ நீளம், 45 அங்குல அகலம் உள்ள ஒரு சாதாரண வேட்டியை எடுத்துக்கொள்வோம். 20-ஆம் நம்பர் நூல். நம்பர் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்பதற்கான அளவு. 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு இருபது சிட்டம் வந்தால் அது 20-ஆம் நம்பர். அதாவது பவுண்டுக்கு 16,800 கெஜம். இந்த வேட்டியில் அங்குலத்துக்கு நாற்பது இழை பாவும் நாற்பது இழை ஊடையும் என்று வைத்தால், 14,400 கெஜ நூல் துணிக்குள்ளேயே இருக்கும். அறுந்ததும் கழிந்ததும் சேர்த்தால் ஒரு பவுண்டு நூல் ஒரு வேட்டிக்கு என்று சொல்லிவிடலாம். பழகிய கை ராட்டையில் மணிக்கு ஏறக்குறைய 350 கெஜம் நூற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 48 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு நாள். பஞ்சைக் கொட்டிப் பட்டை போடும் வேலை இதில் சேரவில்லை. நெசவாளர் அந்த வேட்டியை ஒரு நாளில் நெய்து இறக்கிவிடுவார்.

கதர் அரசியலின் எல்லாச் சிக்கலும் இந்த ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் இருக்கிறது. காந்தி ஆசிரமத்தில் தயாரான முதல் கதர் கெஜம் பதினேழு அணா விழுந்தது என்று அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலைத் துணியோடு இந்த விலையில் போட்டி போட முடியாது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் குறைப்பதற்கு ஒரே இடம்தான் உண்டு: அந்த ஆறு நாள் கூலி.

ஆசிரமத்துக்குக் கதர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். காந்தி தறியைப் போட்டபோது அவருக்கு ராட்டையும் தெரியாது, தறியும் தெரியாது. கங்காபென் மஜும்தார் என்ற பெண்மணிதான் தேடி அலைந்து, பரோடா சமஸ்தானத்தில் உள்ள விஜாப்பூரில் பரண்மேல் கிடந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். நெசவைக் கற்றுக்கொடுக்க லாத்தி என்ற ஊரிலிருந்து ராம்ஜி என்ற நெசவாளரும் அவர் மனைவி கங்காபென்னும் வரவழைக்கப்பட்டார்கள். கையால் நூற்ற நூலை நெய்யும் வித்தையைக் குஜராத்தில் பலருக்குப் பழக்கிவிட்டவர்கள் இந்தத் தம்பதியர் என்பதைக் காந்தி பதிவுசெய்கிறார். குஜராத்தில் வன்கர் என்று ஒரு சாதி உண்டு. அந்தப் பெயருக்கே நெசவாளர் என்றுதான் பொருள், தீண்டப்படாத சாதி. தேசத்தின் துணி என்று பின்னால் கொண்டாடப்பட்டதை நெய்யும் அறிவு யார் கையில் இருந்தது என்பது நம் வரலாற்றில் அடிக்கோடிட வேண்டிய செய்தி.

அந்த அறிவுக்கு என்ன சோதனை வந்தது தெரியுமா? நூற்பவர் புதியவர் என்றால் முறுக்கு ஒரு சீராக விழாது. ஓரிடத்தில் பருமன், ஓரிடத்தில் மெலிவு. இரண்டு கையாலும் பிடித்து லேசாக வெட்டி இழுத்தால் மெலிந்த இடத்தில் பொட்டென்று விடும். இதை ஊடையாகப் போட்டால் ஒருவாறு சமாளிக்கலாம்; பாவாகப் போட்டால் கஞ்சி எவ்வளவு போட்டாலும் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். நெசவாளருக்குக் கெஜக் கணக்கில்தான் கூலி. அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு எவரும் காசு தருவதில்லை. ஒரு வக்கீல் தேசபக்தியோடு நூற்ற மோசமான நூலின் நஷ்டம் நெசவாளர் தலையில் விழுந்தது. நெசவாளர்கள் ஆலை நூலையே விரும்பினார்கள் என்று கதர் ஊழியர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ். காந்தி தலைவர். அதுவரை நாலணா கொடுத்தால் உறுப்பினர். இனி மாதம் 2000 கெஜ நூல் தர வேண்டும் என்று விதி மாறியது. உடலுழைப்பு கொடுத்தால்தான் அரசியல் உரிமை என்பது இந்தியச் சூழலில் சாதாரண யோசனை கிடையாது. கையால் வேலை செய்வதை இழிவென்று நினைக்கும் சாதிகளின் மடியில் ராட்டையைக் கொண்டுபோய் வைத்தது அது. அந்த அளவில் அதற்குரிய மதிப்பை நான் கொடுப்பேன். ஆனால் விதியை முழுதாகப் படிக்க வேண்டும். நோயாலோ, விருப்பமின்மையாலோ நூற்க முடியாதவர், வேறொருவர் நூற்ற அதே அளவு நூலைக் கொடுத்தால் போதும் என்று அதிலேயே எழுதியிருந்தது. விருப்பமின்மை! மனமில்லாதவர் அடுத்தவர் உழைப்பைக் காசு கொடுத்து வாங்கி உறுப்பினர் ஆகலாம். அதுவும் தாங்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில், நாலணாவோ நூலோ எதையும் கொடுக்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள். அதே கூட்டத்தில்தான் அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது.

சரி, விதியை அட்சரம் தவறாமல் கடைப்பிடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 24,000 கெஜம். நம் கணக்கில் ஒன்றரை வேட்டி. அவர் உடுத்தும் மற்றவை, வீட்டுப் பெண்களின் புடவை, படுக்கை விரிப்பு எல்லாம் யார் நூற்றது? கிராமத்தில் வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள். அவர்களுக்கு எட்டு மணி நேரத்துக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு அணா. ஒன்றரை அணா என்று வைத்தால் ஒரு வேட்டியின் நூற்புக் கூலி ஒன்பது அணா. அந்த ஒன்பது அணாவும் இல்லாத வீட்டில் அது பெரிய காசு என்பதையும் மறுக்க முடியாது. மழை பொய்த்த ஊர்களில் அடுப்பெரிந்தது அதனால்தான். கதரை வெறும் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராததற்கு இந்தப் பெண்களே காரணம்.

இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1935-இல் காந்தியே பிடித்துக்கொண்டார். இத்தனை காலம் மலிவாகக் கதர் விற்றது நூற்பவர் வயிற்றில் அடித்துத்தான் என்று அவருக்கு உறைத்தது. எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்பது அவர் விரும்பிய அளவு. அப்படிக் கொடுத்தால் நம் வேட்டியின் நூற்புக் கூலி மட்டும் மூன்று ரூபாய். கதர் ஊழியர்கள் பதறினார்கள். விற்பனை படுத்துவிடும் என்றார்கள். அந்த அக்டோபரில் நூற்போர் சங்கம் குறைந்தபட்சக் கூலித் தீர்மானம் போட்டது. சத்துள்ள உணவுக்கும் உடுத்தத் துணிக்கும் போதுமான கூலி என்பது கொள்கை. நடைமுறையில் அது எட்டணாவுக்கு வெகு கீழேயே நின்றது. ஆனாலும் கேளுங்கள், இந்தியாவில் கிராமத்துப் பெண்ணின் வேலைக்கு உயிர்வாழ்வதற்கான கூலி என்று ஒரு தேசிய அமைப்பு பேசியது சின்ன விஷயமில்லை. அதே சமயம், சங்கத்தில் பதிந்த நூற்பவர்கள் தாங்களும் கதரே உடுத்த வேண்டும் என்றும், கூலியில் ஒரு பகுதியைத் துணியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துவிட்டார்கள். வாங்க ஆளில்லாத துணி, நூற்றவர் வீட்டுக்கே திரும்பிப்போக வழி செய்தது.

கைராட்டை வேண்டாம், ஆலை போதும் என்றால் நம் மக்கள் தப்பித்தார்களா? பம்பாய்க்குப் போய்ப் பாருங்கள். பருத்தி ஆலையில் நூற்புப் பகுதியில் கூலி குறைவு, நெசவுப் பகுதியில் கூலி அதிகம். தீண்டப்படாத தொழிலாளிக்கு நெசவுப் பகுதிக்குள் இடமில்லை. காரணம் எச்சில். நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததும் புது நூலைப் போட்டு, நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நுனியை வெளியே இழுக்க வேண்டும். ஒரு தலித்தின் வாய் பட்ட நாடாவில் நான் வாய் வைக்க மாட்டேன் என்றார்கள் சக தொழிலாளிகள். 1928-இல் பம்பாயில் ஆறு மாதம் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அம்பேத்கர் இந்தத் தடையை நீக்க வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் வலியுறுத்தினார். வர்க்க ஒற்றுமை பேசிய தலைவர்களுக்கு அது சங்கடமான கோரிக்கையாக இருந்தது. ஆனாலும் அம்பேத்கர் எந்திரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் எந்திரத்தால்தான் கிடைக்கும் என்று காந்தியத்தை எதிர்த்து எழுதினார். அந்த 48 மணி நேரத்தைப் போட்டுப் பார்த்தால் அவர் என்ன சொல்கிறார் என்பது உடனே விளங்கும். ஆறு நாள் ராட்டையில் கழித்த பெண் எப்போது படிப்பது?

கடைசியாக நம் ஊர்ப்பக்கம். 1921 ஜூலை 31-இல் பம்பாய் பரேலில் அந்நியத் துணிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அதை எரித்துவிட்டுக் கதர் வாங்க எங்களிடம் காசில்லையே என்று தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் ஏழைகள் காந்தியிடம் சொன்னார்கள். பதினேழு அணாக் கணக்கு அவரைத் துரத்திக்கொண்டு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேலாடையை விட்டு, முழங்கால் அளவு துண்டுக்கு மாறினார். உலகம் முழுவதும் அறிந்த படம் அது.

ஒன்பது வருடம் கழித்து, 1930 டிசம்பரில், மதுரைக்குப் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள்மேல் ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. மதுரையில் ஒருவர் தாமே தேர்ந்தெடுத்துத் துறவுக் கோலமாக்கிய அதே அளவுத் துணி, இங்கே ஊர்க்கட்டளை. கதரா, மில் துணியா என்ற விவாதத்துக்குள் நுழைவதற்கே முதலில் சட்டை போடும் உரிமை வேண்டியிருந்தது. வெள்ளைக்காரனை எதிர்க்க உடையைக் குறைத்தவரும் உண்டு. சாதியை எதிர்க்க உடையை நீட்டியவர்களும் உண்டு. நம் பாட்டன் சட்டை போட்டுத் தெருவில் நடந்ததும் ஒரு சத்தியாக்கிரகம்தான். அதற்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை.

இதற்கு மூன்று வருடம் முன்பே, 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் அம்பேத்கர் தனியாகப் பேசினார். கையிலும் கழுத்திலும் அடுக்கியிருக்கும் கனத்த வெள்ளி நகைகளும், முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டும் புடவைக் கட்டும் உங்களைத் தீண்டப்படாதவர் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கின்றன, அவற்றை விடுங்கள் என்றார். துணி எந்த ராட்டையில் நூற்றது, எந்த ஆலையில் வந்தது என்று அவர் கேட்கவில்லை. எப்படிக் கட்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். வந்திருந்த பெண்களில் பலர் மறுநாளே புடவைக் கட்டை மாற்றிக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டிக்கொண்டு மாநாட்டுக்கு வந்தார்கள்.