கவுனி அரிசிக்கு ஒரு நிமிஷ வீடியோ

எனக்கு ஊர் கானாடுகாத்தான். எங்க வயல்ல விளைஞ்ச கறுப்புக் கவுனி அரிசியை டவுன்ல இருக்கிறவங்களுக்குக் காட்ட, ஒரு நிமிஷ வீடியோவுக்கு என்ன எழுதினோம்னு சொல்லச் சொன்னாங்க.

நெல்லாவே போட்டா வியாபாரி சொல்றதுதான் விலை. அதனால இந்தத் தடவை பாதி நெல்லை அரிசியாக்கி நேரா விற்கிறதுன்னு முடிவு பண்ணினோம். மகளோட ஸ்கூல் பீஸ் அதுலதான் வரணும். அதனால வீடியோவுல ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாதுன்னு உட்கார்ந்து எழுதினோம்.

எங்ககிட்ட கடலை, எள்ளு எல்லாம் இருக்கு. ஆனா வீடியோவுல கவுனி மட்டும்தான். ஆபீசுக்குப் போற பஸ்ல பார்க்கிறவங்களுக்கு நாலு பொருளைக் காட்டினா ஒண்ணும் மனசுல நிக்காது. நிதானமாப் பேசினா ஒரு நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு வார்த்தைதான் வரும். பஸ்ல சத்தம் வைக்காமப் பார்ப்பாங்க, அதனால முக்கியமானதை எழுத்தாவும் போடணும்.

அப்புறம், வாங்குறவங்களுக்கு என்ன சந்தேகம் வரும்னு யோசிச்சோம். மூணுதான்.

முதல்ல, நிறம். கவுனியைக் கழுவினா தண்ணி ஊதாவா வரும். சாயம் போட்டிருக்காங்கன்னு பயந்துடுவாங்க. அந்த நிறம் தவிட்டில இருக்கு, உள்ளே அரிசி வெள்ளைதான். கழுவின தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சிவப்பா மாறும். இதை அவங்க வீட்டிலயே செஞ்சு பார்க்கலாம்.

ரெண்டாவது, வேகிறது. ஊற வைக்காமப் போட்டா விதை விதையா நிக்கும். "அரிசி சரியில்ல"ன்னு திருப்பிடுவாங்க. ராத்திரியே ஊறப் போடணும்னு வீடியோவிலயே சொல்லிடணும்.

மூணாவது, இயற்கைங்கிறதை எப்படி நம்புறது? எலுமிச்சம்பழம் நிறத்துக்குத்தான் சாட்சி, மருந்தடிக்கலைங்கிறதுக்கு இல்ல. வருஷம் 12 லட்சத்துக்கு உள்ளே, சாப்பிடுறவங்களுக்கே நேரா விற்கிற சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனா 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போடக்கூடாது. அதனால "நூறு சதவீதம் ஆர்கானிக்"னு எழுதாம, வயல்ல என்ன போட்டோம்னு மட்டும் சொன்னோம். சான்று வேணும்னா பி.ஜி.எஸ். முறை இருக்கு. குறைஞ்சது அஞ்சு விவசாயிகள் குழுவாச் சேர்ந்து, ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்து உறுதி சொல்லணும். நம்ம குழுக்களுக்கு இது புதுசு இல்ல.

சர்க்கரை வியாதி குணமாகும்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். சாப்பாட்டுப் பொருளை விற்கிறப்போ வியாதி தீரும்னு விளம்பரம் பண்ண சட்டத்தில இடமில்லை.

இப்ப எழுதினதைப் படிக்கிறேன்.

முதல் 5 நொடி. கை அரிசியைக் கழுவுது, தண்ணி ஊதாவாகுது. "இது சாயம் இல்லைங்க, தவிட்டோட நிறம்."

அடுத்த 10 நொடி. எலுமிச்சம்பழம் பிழியுறோம். "பாருங்க, சிவப்பா மாறுது. உங்க வீட்டிலயும் பிழிஞ்சு பாருங்க."

அடுத்த 20 நொடி. வயல், கண்மாய், ஆட்டுக்கிடை. "கானாடுகாத்தான்ல எங்க குடும்பம் விளைவிச்ச கறுப்புக் கவுனி. ஆவணியில விதைச்சு, தையில அறுத்தது. ஆட்டுக்கிடை போட்டோம், ஜீவாமிர்தம் ஊத்தினோம், வேப்பம்புண்ணாக்கு போட்டோம். யூரியா போடலை, பூச்சிமருந்து அடிக்கலை. வந்து பார்க்கலாம்."

அடுத்த 15 நொடி. அத்தை கிண்டுறாங்க. "ராத்திரி ஊறப் போடுங்க. காலையில ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி, குக்கர்ல ஏழு விசில். சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்தா செட்டிநாட்டுக் கல்யாண வீட்டுக் கவுனி அரிசி."

கடைசி 10 நொடி. பாக்கெட். "மருந்து கலக்காத அரிசி, நாளானா வண்டு வரும். ரெண்டு மாசத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்க." கீழே எடை, விலை, அனுப்பும் செலவு, போன் நம்பர்.

வண்டு பத்திச் சொன்னா யார் வாங்குவாங்கன்னு அத்தை கேட்டாங்க. பாக்கெட்டைப் பிரிச்சதும் வண்டைப் பார்த்தா மறுபடி வாங்கவே மாட்டாங்க. முன்னாடியே தெரிஞ்சா கொஞ்சமா வாங்குவாங்க, தீர்ந்ததும் திரும்ப வருவாங்க. மறுபடி வாங்குறவங்களை நம்பித்தான் நாங்க பாதி நெல்லை வியாபாரிக்குக் கொடுக்காம வச்சிருக்கோம்.

எடுக்கிறப்போ ஒண்ணு கவனிங்க. வயலைக் காலையில எட்டு மணிக்குள்ள எடுங்க. உச்சி வெயில்ல எடுத்தா எல்லாம் வெளுத்துத் தெரியும். காத்து அடிச்சா பேச்சு கேட்காது. படத்தை வயல்ல எடுத்துட்டு, பேச்சை வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பதிவு பண்ணுங்க.

உங்க வீட்டுப் பொருளை வாங்குறவங்களுக்கு என்ன மூணு சந்தேகம் வரும்னு முதல்ல எழுதி வச்சுக்கோங்க. வீடியோ அதுக்குப் பதில் சொன்னாப் போதும்.