மெயில் பட்டியல்ல வரிக் கடைசியைப் பாருங்க

வானூர் பக்கம் ஏரி, வாய்க்கால் வேலைகளைப் பாத்துக்கிறவங்க வாராவாரம் ஒரு மெயில் அனுப்புறீங்க. வேலை எதுவரைக்கும் வந்திருக்குன்னு வரிக்கு வரி புள்ளி வச்சு எழுதுறீங்க. அந்த வரிகளெல்லாம் ஒரே இலக்கண அச்சுல இல்லைன்னா படிக்கிறவங்க எங்க தடுக்குவாங்க, அதை எப்படிச் சரிபண்றது, இதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ஒரு சின்ன ஏரியை எடுத்துக்குவோம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குள்ள இருக்கிறதால ஊராட்சி ஒன்றியத்தோட பொறுப்பு. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை வந்துடும், அதுக்குள்ள வேலை முடியணும். ஆகஸ்ட் கடைசியில களப் பொறுப்பாளர் மூணு பேருக்கு ஒரே மெயில் போடுறார்னு வச்சுக்குங்க. ஒருத்தர் ஒன்றியப் பொறியாளர், ஒருத்தர் ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர், இன்னொருத்தர் ஜேசிபி வச்சிருக்கிற ஒப்பந்ததாரர். மெயில்ல இருக்கிறது இதுதான்:

• வரத்து வாய்க்காலை 600 மீட்டர் தூர்வாரினோம்
• மதகு ஷட்டர் பழுதுபார்த்தல்
• கரையில் உள்ள சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும்
• கலிங்கலில் விரிசல்
• வண்டல் மண் – வட்டாட்சியர் அனுமதி
• பனை விதைகள் எப்போது வரும்?

ஆறு வரியிலயும் எழுத்துப்பிழை கிடையாது. எழுதினவருக்கு எல்லாம் தெளிவாத்தான் இருக்கும், ஏன்னா அவர் ஏரிக்கரையில நின்னு கண்ணால பாத்துட்டு வந்தவர். படிக்கிறவங்களுக்கு அந்த வரி மட்டும்தானே கையில இருக்கு?

ரெண்டாவது வரியைப் பாருங்க. ‘பழுதுபார்த்தல்’ ஒரு தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. பொறியாளர் மேல இருக்கிற ‘தூர்வாரினோம்’ங்கிறதைப் படிச்ச வேகத்துல இதையும் முடிஞ்ச வேலைன்னு எடுத்துக்குவார். ஒப்பந்ததாரர் கீழ இருக்கிற ‘அகற்ற வேண்டும்’ங்கிறதோட சேத்து, இனிமே செய்யவேண்டிய வேலைன்னு எடுத்துக்குவார். ஒரே வரி, ரெண்டு அர்த்தம்.

அஞ்சாவது வரி இன்னும் சிக்கல். அனுமதி வந்துடுச்சா, இனிமே வாங்கணுமா? வந்துடுச்சுன்னு நினைச்சு யாராவது டிராக்டரை ஏரிக்குள்ள இறக்கினா வண்டி மாட்டிக்கும். நாலாவது வரி வெறும் காட்சி. விரிசல் இருக்குன்னு தெரியுது, அதை யாரு என்ன பண்ணணும்னு தெரியல. ஆறாவது வரி கேள்வி, அதுவும் யாரைப் பாத்துக் கேக்குறதுன்னு இல்லாத கேள்வி.

அப்போ எங்கிருந்து ஆரம்பிக்கிறது? தமிழ்ல வினைச்சொல் வாக்கியத்தோட கடைசியில வரும். அதனால பட்டியல் சீரா இருக்கா இல்லையாங்கிறது வலது ஓரத்துல தெரியும். மேல இருந்து கீழ வரைக்கும் கடைசிச் சொல்லை மட்டும் படிங்க: ‘தூர்வாரினோம், பழுதுபார்த்தல், அகற்ற வேண்டும், விரிசல், அனுமதி, வரும்?’ எதுவும் எதோடயும் சேரல. இதே மெயிலை இங்கிலீஷ்ல எழுதினா இடது ஓரத்தைப் பாக்கணும், ஏன்னா அங்க வினை வரியோட தலையில வரும்.

இப்படி ஒண்ணுபோல எழுதுறது நமக்குப் புதுசு இல்ல. ‘மதகும் கலிங்கலும் கரையும்’னு சொல்றோம். முதல் சொல்லுக்கு ‘உம்’ போட்டா மத்ததுக்கும் போட்டாகணும். எண்ணும்மைன்னு இலக்கணத்துல பேரே இருக்கு. பேச்சுல தானா வர்ற அந்த ஒழுங்கு, புள்ளி வச்சு எழுதும்போது விட்டுப்போகுது. ஒவ்வொரு வரியும் தனியா நிக்கிறதால தனித்தனியா யோசிச்சு எழுதிடுறோம்.

சரிபண்ணும்போது உடனே கடைசிச் சொல்லுல கை வைக்காதீங்க. முதல்ல வரிகளைப் பிரிங்க. முடிஞ்சது ஒரு பக்கம், செய்யவேண்டியது ஒரு பக்கம், யார்கிட்டயாவது எதிர்பாத்துக் காத்திருக்கிறது ஒரு பக்கம். அச்சு மாறுறதுக்குப் பெரும்பாலும் காரணம், வேற வேற வகைச் சேதியை ஒரே பட்டியல்ல போட்டதுதான். பிரிச்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைப்பு வரி, அதுக்குக் கீழ ஒரே மாதிரி முடிவு. நம்ம மெயில் இப்படி ஆகும்:

முடித்த வேலைகள்:
• வரத்து வாய்க்காலை 600 மீட்டர் தூர்வாரினோம்.
• மதகு ஷட்டரைப் பழுதுபார்த்தோம்.

செப்டம்பர் 20-க்குள் செய்ய வேண்டியவை:
• கரையில் உள்ள சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றுதல் – ஒப்பந்ததாரர்
• கலிங்கலில் உள்ள விரிசலைச் சிமென்ட் கலவையால் அடைத்தல் – ஒன்றியம்

இன்னும் வராதவை:
• வண்டல் மண் எடுப்பதற்கான வட்டாட்சியர் அனுமதி
• கரையில் நடுவதற்கான பனை விதைகள்

மூணு பிரிவும் மூணு விதமா முடியுது, அது தப்பில்ல. ஒரு பிரிவுக்குள்ள மாறாம இருந்தா போதும். ‘தூர்வாரப்பட்டது’ன்னு எழுதாம ‘தூர்வாரினோம்’னு எழுதினதையும் கவனிங்க. ‘பட்டது’ன்னு முடிச்சா செஞ்சவர் யாருன்னு மறைஞ்சுபோகும். பில் போடும்போது, அளவுப் புத்தகத்துல பதியும்போது, முதல்ல வர்ற கேள்வியே யாரு செஞ்சதுங்கிறதுதான்.

முன்னாடி குழப்பம் பண்ணின ‘தல்’ ரெண்டாவது பிரிவுல ஏன் குழப்பல? காலத்தைத் தலைப்பு வரி சொல்லிடுச்சு. ஆனா இதுக்கு ஒரு எல்லை உண்டு. யாராவது ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் குழுவுல போட்டா தலைப்பு கூட வராது. ‘விரிசலை அடைத்தல்’னு அந்தரத்துல நிக்கும். அப்படிப் பிரிஞ்சு போற மெயில்னு தெரிஞ்சா, ‘அடைக்க வேண்டும்’னு ஒவ்வொரு வரியையும் முழுசா முடிச்சுடுங்க. அதே சொல் நாலு தடவை வந்தாலும் வரட்டும்.

இன்னொரு பொறி இருக்கு. கடைசிச் சொல் ஒண்ணா இருந்தும் வரி ஒண்ணா இருக்காது. ‘சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும். வட்டாட்சியர் அனுமதி கிடைக்க வேண்டும். மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்.’ மூணும் ‘வேண்டும்’தான். ஆனா முதல் வரி ஒருத்தருக்குக் குடுத்த வேலை, ரெண்டாவது எதிர்பார்ப்பு, மூணாவது கெடு. இதைக் கண்டுபிடிக்க வரிக்கு வரி ‘யாரு?’ன்னு கேளுங்க. ஒரு வரிக்கு ஆள் கிடைச்சு, அடுத்த வரிக்கு ஆளே கிடைக்கலைன்னா அந்த ரெண்டும் ஒரே பட்டியல்ல இருக்கக் கூடாது.

எந்தப் பிரிவுக்கும் ஒட்டாத வரியை வலிஞ்சு அதே அச்சுல திணிக்காதீங்க. பனை விதை இன்னும் வரலைங்கிறது மூணாவது பிரிவுல சேந்துடுச்சு, ஆனா எப்போ வரும்ங்கிற கேள்வி எதுலயும் ஒட்டாது. அதைப் பட்டியலுக்குக் கீழ தனி வாக்கியமா, யாரைக் கேக்குறீங்களோ அவரைக் குறிப்பிட்டே எழுதுங்க: ‘தலைவர் ஐயா, பனை விதைகள் எந்தத் தேதியில் வரும் என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.’ புள்ளிகளுக்கு நடுவுல கிடந்தா யாரும் பதில் சொல்லாம விட்டுடுவாங்க. பேரு போட்டுத் தனியாக் கேட்டா பதில் சொல்லவேண்டியவர் யாருன்னு மூணு பேருக்கும் தெரிஞ்சுடும்.